படபடப்பைப் படத்தில் சொல்வது எப்படி?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். திடீர்ப் படபடப்புடன் வருபவர்களுக்காக ஒரு துண்டறிக்கை தயாரித்து, இத்துடன் இணைத்துள்ளேன். அதிகம் படிக்காதவர்கள் அதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அதே பயத்துடன் திரும்பி வருகிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் நடுவில் உள்ள அம்புக்குறி வட்டத்தை எடுத்துவிடுங்கள். பயம் படபடப்பைக் கூட்டுகிறது, படபடப்பு பயத்தைக் கூட்டுகிறது என்பதை வட்டமாக வரைவது எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் தொடக்கமும் முடிவும் இல்லாத படத்தைப் படிப்பது பள்ளியில் கற்ற திறமை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தேன். தனியாக வரைந்திருந்த இதயத்தையும் அதைச் சுற்றிய அம்புகளையும் பார்த்த ஓர் அம்மா, "நெஞ்சு வெடிச்சிடுமா ஐயா?" என்று கேட்ட பிறகே நிறுத்தினேன்.

அதற்குப் பதிலாக, ஒரே பெண்ணை இடமிருந்து வலமாக நான்கு படங்களில், எண்ணிட்டு, முழு உருவமாக வரையச் சொல்லுங்கள். முதல் படத்தில் அவர் நெரிசலான பேருந்தில் நிற்கிறார், நெஞ்சு படபடக்கிறது. இரண்டாவதில், "உயிர் போயிடுமோ" என்று நினைத்து வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். அளவுக்கு மீறி மூச்சு வாங்குவதால்தான் கை மரத்துத் தலை சுற்றுகிறது என்ற வரி அதன் கீழ் வர வேண்டும். மூன்றாவதில், மூக்கால் மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக வாயால் விடுகிறார். நான்காவதில் அதே பேருந்தில்தான் இருக்கிறார், படபடப்பு தணிந்துவிட்டது. அவர் இறங்கி ஓடுவதாக வரைந்தால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்ற பாடத்தையே படிப்பார்கள். பிறகு பேருந்தையே தவிர்ப்பார்கள். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும் என்பதையும் இங்கேயே எழுதுங்கள்.

"இது மாரடைப்பு அல்ல" என்று அச்சடிக்காதீர்கள். நெஞ்சுவலியும் வியர்வையும் இரண்டிலும் வரும். மருத்துவர் பார்த்து, தேவையானால் ஈசிஜி எடுத்த பிறகே தாளைக் கொடுங்கள். "உங்களைப் பரிசோதித்தோம்" என்ற வரிக்குக் கீழே மருத்துவர் தேதியிட்டுக் கையெழுத்திடட்டும். அடியில் தனிக் கட்டத்தில், நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுவலி, மயங்கி விழுதல், வழக்கமான படபடப்பு போல இல்லாமல் விடாமல் நீடிக்கும் வலி ஆகியவற்றுக்கு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். எல்லா அறிகுறிகளையும் அங்கே அடுக்கினால், ஒவ்வொரு படபடப்புக்கும் ஆம்புலன்ஸ் வரும்.

"பேனிக் டிசார்டர்", "மனப்பதற்றக் கோளாறு" போன்ற பெயர்கள் இத்தாளுக்கு வேண்டாம். நோயாளிகளே சொல்லும் "மூச்சு முட்டுது", "கை காலெல்லாம் வெலவெலக்குது" போதும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஐந்தாறு பேரிடம் தாளைக் கொடுத்து, "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டில் உங்கள் மகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்றால் மரியாதைக்காகவே எல்லாரும் தலையாட்டுவார்கள். இரண்டு பேர் ஒரே படத்தில் தடுமாறினால், விளக்கத்தை நீட்டாமல் அந்தப் படத்தை மாற்றி வரையச் சொல்லுங்கள்.