பொருளை மாற்றவா, புது மெயிலா? கோத்தகிரியில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

தாலுகா அலுவலகத்தில் தபால் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு தேயிலை ஃபாக்டரியில் மெயில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுதிக் கொடுத்த கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்த மெயிலில் விஷயம் மாறினால் அதன் பொருளை, அதாவது Subject வரியை, மாற்றுவதா, புது மெயில் தொடங்குவதா என்ற ஒரே விஷயத்தைத்தான் பலரும் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

குன்னூர், தங்கும் விடுதி நடத்தும் அம்மா: "ஐயா, விருந்தாளி மே 12-க்கு அறை கேட்டார். அப்புறம் அதே மெயிலில் 19-க்கு மாற்றினார். நான் சரி என்றேன். 19-ஆம் தேதி அறையை என் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். தப்பு எங்கே நடந்தது?"

நீங்கள் காட்டிய மெயில்களை வரிசையாகப் படித்தேன். முதல் மெயிலின் பொருள் "மே 12–14 அறை". இரண்டாவது உங்கள் சம்மதம், மூன்றாவது முன்பணம் ₹3,000, நான்காவது நீலகிரிக்கு இ-பாஸ் எடுப்பது எப்படி என்ற கேள்வி. ஐந்தாவதில்தான் தேதி மாறுகிறது. ஆறாவது, மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி கிடைக்குமா என்பது. ஆறு மெயிலுக்கும் மேலே நிற்பது "மே 12–14" மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரர் போனில் தலைப்புகளை மட்டும் பார்த்திருக்கிறார். அவர் பார்த்தபடி 19 காலி.

ஐந்தாவது மெயிலுக்கு நீங்கள் சரி என்று பதில் எழுதிய இடத்தில் பொருளை மாற்றியிருக்க வேண்டும். விருந்தாளி மாற்றுவார் என்று காத்திருக்கக் கூடாது, அவருக்கு இது ஒரே ஒரு பயணம். உங்களுக்குத்தான் இருபது பேர் வருகிறார்கள். இப்படி எழுதலாம்:

```
மே 19–21 அறை, 2 பேர் (முன்பு: மே 12–14 அறை)
```

புது விஷயம் முன்னால், பழையது பின்னால். போனில் முதல் நான்கைந்து சொல்தான் தெரியும், அதனால் இந்த வரிசை முக்கியம். மெயிலின் முதல் வரியிலும் "தேதி மாறியதால் பொருளை மாற்றியிருக்கிறேன், முன்பணம் அப்படியே இருக்கிறது" என்று ஒரு வாக்கியம் போடுங்கள். அடுத்த பதிலிலிருந்து "முன்பு" பகுதியை எடுத்துவிடலாம், அதன் வேலை முடிந்தது.

புது மெயிலாக ஏன் தொடங்கக் கூடாது என்றால், முன்பணம் கட்டிய பேச்சு கீழே வேண்டும். அது இல்லாமல் "19-க்கு அறை உண்டு" என்ற மெயில் தனியாக நின்றால், பணம் வந்ததா என்று நீங்களே மறுபடி தேடுவீர்கள்.

இ-பாஸ் கேள்விக்கும் வண்டிக் கேள்விக்கும் பொருளை மாற்ற வேண்டாம். அதே பயணம், அதே ஆள், அந்தத் தலைப்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் ஊருக்குப் போன பிறகு அவர் அதே மெயிலில் "5 கிலோ டீத்தூள் அனுப்புங்கள்" என்று எழுதினால், அதற்குப் புது மெயில். அதைப் புரிந்துகொள்ள அறைப் பேச்சு எதுவும் தேவையில்லை.

நான் எனக்குள் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விதான். கீழே இருக்கும் பழைய மெயில்கள் இல்லாமல் இது புரியுமா? ஆறு மாதம் கழித்து இதை எந்தச் சொல் போட்டுத் தேடுவேன்? புரியாது, தேடும் சொல்லும் மாறிவிட்டது என்றால் பொருளை மாற்று. தனியாகவே புரிகிறது என்றால் புதிதாகத் தொடங்கு. புரியாது, ஆனால் தேடும் சொல் பழையதேதான் என்றால் எதையும் தொடாதே.

ஊட்டி, கணக்கர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்: "சார், பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டு, பொருளை அழித்து வேறு எழுதி, கீழே இருப்பதையும் அழித்துவிட்டால் அது புது மெயில்தானே? விலாசம் தட்டும் வேலை மிச்சம்."

பாதி சரி. நீங்கள் பார்ப்பது ஜிமெயில் என்பதால் அப்படித் தோன்றுகிறது. பொருள் மாறினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். ஆனால் ரிப்ளை அழுத்தியவுடன் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரி மெயிலோடு ஒட்டிக்கொள்கிறது. பொருளையும் உடலையும் அழித்தாலும் அவை அழியாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி Show original என்பதைத் திறந்தால் இப்படித் தெரியும்:

```
Subject: March rent receipt
In-Reply-To: <b17@example.com>
References: <a03@example.com> <b17@example.com>
```

அரசுக் கடிதத்தில் "பொருள்" என்று ஒன்றும் "பார்வை" என்று ஒன்றும் எழுதுவோம் இல்லையா? Subject என்பது பொருள், References என்பது பார்வை. நீங்கள் பொருளை மாற்றினீர்கள், பார்வையில் பழைய கடிதத்தின் எண் அப்படியே நிற்கிறது. தண்டர்பேர்ட் போன்றவை பார்வையைப் பார்த்துத்தான் அடுக்கும். அங்கே உங்கள் வாடகை ரசீது, போன வருட வரிக் கணக்குப் பேச்சுக்கு அடியில் போய் உட்காரும். அந்தப் பேச்சை மூடி வைத்திருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

தொடர்பில்லாத விஷயம் என்றால் Compose அழுத்தித் தொடங்குங்கள். முதல் இரண்டெழுத்து தட்டினாலே விலாசம் வந்துவிடும். பழைய மெயிலை நினைவுபடுத்த வேண்டுமானால் "உங்கள் மார்ச் 4 மெயிலின்படி" என்று ஒரு வரி கையால் எழுதினால் போதும்.

கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி கிராமத்திலிருந்து: "தண்ணீர் டேங்க் பற்றி ஒன்பது பேர் மெயிலில் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருவர் 'பள்ளிக்கூடப் பாதையில் காட்டெருமை நிற்கிறது, பிள்ளைகளைச் சுற்றி அனுப்புங்கள்' என்று எழுதினார். இரண்டு பேர் பார்க்கவேயில்லை. அவர்கள்மேல் கோபப்படலாமா?"

கோபம் வேண்டாம். டேங்க் பேச்சு நாற்பது மெயில் தாண்டியதும் அந்த இருவரும் Mute போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜிமெயிலில் ஒரு உரையாடலுக்கு Mute போட்டால் அடுத்து வரும் பதில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுங்கிவிடும். காட்டெருமைச் செய்தியும் அதோடு ஒதுங்கியது. All Mail-இல் தேடச் சொல்லுங்கள், கிடைக்கும்.

இது புது மெயிலாகப் போயிருக்க வேண்டிய விஷயம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேங்க் பேச்சு தெரியாமலே புரிகிறது, உடனே பார்க்க வேண்டியது, பார்க்க வேண்டியவர்களும் வேறு. பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் எல்லோரும் அந்த ஒன்பது பேரில் இல்லையே. ஆட்கள் மாறினால் பெரும்பாலும் மெயிலும் மாற வேண்டும். உண்மையில் இதற்கு மெயிலே சரியில்லை, போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஆட்கள் பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். பழைய சங்கிலியில் புது ஆளைச் சேர்த்தால் கீழே இருக்கும் எல்லாப் பேச்சும் அவர் கைக்குப் போகும். ஃபாக்டரியில் நானே ஒரு முறை, பொருளை ஒழுங்காக மாற்றிவிட்டு, லாரிக்காரரைச் சேர்த்து அனுப்பினேன். கீழே இன்னொரு லாரிக்குப் பேசிய வாடகை இருந்தது. அன்றிலிருந்து வெளி ஆள் வந்தால் புது மெயில்தான். ரிப்ளையில் பழைய இணைப்புகள் சேர்ந்து போகாது என்பதையும் நினைவில் வையுங்கள், ரசீது வேண்டுமானால் மறுபடி சேர்க்க வேண்டும்.

கூடலூர், மிளகு விவசாயி: "எனக்கு வந்த மெயிலில் பொருளே இல்லை. அதை நான் எப்படி மாற்றுவது? ரிப்ளை எல்லாம் போடவில்லை, எடுத்து வைக்கத்தான்."

இது கொஞ்சம் வேறு கேள்வி. வந்த மெயிலின் பொருளை ஜிமெயிலில் மாற்ற முடியாது. ஒரு லேபிள் ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் "மிளகு விலை" என்று பொருள் எழுதி உங்கள் விலாசத்துக்கே ஃபார்வர்டு செய்யுங்கள், தேடினால் கிடைக்கும்.

தேயிலை ஏற்றுமதி அலுவலகம், குன்னூர்: "ஜெர்மனிக்காரர் மெயிலில் AW: RE: AW: RE: என்று நீள்கிறது. அழித்தால் சங்கிலி அறுந்துவிடுமா?"

AW என்பது Antwort, ஜெர்மனில் பதில். ஒரே ஒரு Re: வைத்துவிட்டு மற்றதை அழிக்கலாம். முன்னொட்டுக்குப் பின்னால் இருக்கும் பொருளில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள்.

அதே அலுவலகம், இன்னொருவர்: "நான் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் உரையாடல் இரண்டாகிவிட்டது."

100 மெயிலைத் தாண்டியிருப்பீர்கள். ஜிமெயில் அங்கே தானாகவே பிரிக்கும்.

குன்னூர், மென்பொருள் வேலையிலிருந்து ஊர் திரும்பியவர்: "அண்ணா, பொருளை மாற்றினால் ஜிமெயிலில் இரண்டாகிறது, தண்டர்பேர்டில் ஒன்றாகவே நிற்கிறது. இரண்டு பேரும் பார்ப்பது வேறு. அப்படியானால் பொருளை மாற்றவே கூடாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண் கொடுத்துப் பொருளில் போட்டுவிட்டால் போதாதா? இன்னொன்று, 'முன்பு' என்று எழுதுவதைவிட was: என்று எழுதினால் தண்டர்பேர்ட் அடுத்த பதிலில் தானே வெட்டிவிடும்."

was: பற்றிச் சொன்னது சரி, நான் கவனித்திருக்கிறேன். இருந்தாலும் எங்கள் விருந்தாளிகளுக்கு "முன்பு" என்றால் உடனே புரிகிறது, அதனால் கையால் வெட்டிக்கொள்கிறேன்.

எண் யோசனையும் நல்லது. அலுவலகத்தில் ந.க. எண் செய்த வேலை அதுதான். பொருளை யார் எப்படி எழுதினாலும் எண்ணை வைத்துக் கோப்பை எடுத்துவிடுவோம். குன்னூர் அம்மாவுக்கும் "அறை 41" என்று ஒரு எண் இருந்தால், ஜிமெயில் இரண்டாகப் பிரித்தாலும் 41 என்று தேடி இரண்டையும் எடுக்கலாம். பொருள் மாறும்போதும் எண் மாறாமல் நின்றால் போதும்.

ஆனால் "மாற்றவே கூடாது" என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எண் இருந்தாலும் அதன் பக்கத்தில் "மே 12" என்றே நின்றால் அவர் வீட்டுக்காரர் மறுபடியும் அதைத்தான் படிப்பார். நீங்கள் இதற்கு, "தேதியையே பொருளில் போடாதீர்கள், எண்ணும் பெயரும் மட்டும் போடுங்கள்" என்று சொன்னீர்கள். அப்படிச் செய்தால் தலைப்பைப் பார்த்து எதுவும் தெரியாது, ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். உங்களுக்குத் திறப்பது பெரிய வேலை இல்லை. சீசனில் சமையலறையிலிருந்து ஓடி வந்து போனைப் பார்ப்பவருக்கு அது பெரிய வேலை. குன்னூர் அம்மா இந்த மே மாதம் இரண்டு விதமாகவும் செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், ஜூனில் கேட்போம்.