கடைசி ஸ்லைடில் 'நன்றி' வேண்டாம், கிழமை இருக்கட்டும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயிகளுக்கு மண் பரிசோதனை பற்றி ஸ்லைடு போட்டு 20 நிமிடம் பேசுகிறேன். கைதட்டுகிறார்கள், ஆனால் மண் கொண்டுவருவது நாலு பேர்தான். கடைசி ஸ்லைடில் 'நன்றி, கேள்விகள்?' என்று இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

'மண் பரிசோதனை செய்யுங்கள்' என்பது ஒரு வேலை மாதிரி தெரிந்தாலும் அதற்குள் குழி தோண்டுவது, மண்ணைக் கலப்பது, உலர்த்துவது, பையில் போடுவது, ஆய்வகத்துக்குப் போவது என்று ஐந்து வேலை இருக்கிறது. எதில் தொடங்குவது என்று தெரியாதவர் தொடங்குவதில்லை. ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவர் செய்யவேண்டியதை ஒரே வரியாக்குங்கள்: 'வியாழக்கிழமை காலை பால் ஊற்ற வரும்போது, அரைக் கிலோ மண்.' கறவை இல்லாதவர்கள் அதிகம் என்றால் எல்லாரும் வந்துபோகும் வேறு இடத்தைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கூட்டம் என்றால் வியாழன் சரியாக வரும். ஈர மண் நிழலில் உலர நாள் கிடைக்கும், மறந்துபோகும் அளவுக்குத் தள்ளியும் இல்லை.

கடைசி ஸ்லைடில் அந்த வரியும், பெயரும் சர்வே எண்ணும் எழுதிய துணிப்பையின் படமும் போதும். எழுத்து பின்வரிசைக்குத் தெரியவேண்டும், 44 பாயின்டுக்குக் குறைக்காதீர்கள். உழவன் செயலி, சொட்டுநீர் மானியம் எல்லாம் எவ்வளவு பயனுள்ளவை என்றாலும் இங்கே சேர்த்தால் மண் பின்னுக்குப் போய்விடும். 15 செ.மீ. ஆழத்துக்கு வி வடிவக் குழி, வயலில் பத்து இடத்தில் மண், வரப்பும் எருக்குழியும் மரநிழலும் தவிர்ப்பது என்ற விவரங்களைச் சீட்டில் அச்சிட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

கேள்வி நேரத்தை இந்த ஸ்லைடுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசிக் கேள்வி தக்காளி விலை பற்றியதாக இருந்தால், ஜனம் விலையைப் பேசிக்கொண்டேதான் வீட்டுக்குப் போகும். நன்றியையும் அப்போதே சொல்லிவிட்டு, பைகளைக் கொடுத்து, எல்லார் கையிலும் வந்தபிறகு கடைசி நிமிடத்தைத் தொடங்குங்கள். அதை எழுதி மனப்பாடம் செய்வது நல்லது. இப்படி இருக்கலாம்:

"அண்ணா, அக்கா, மண்ணுல என்ன இருக்குதுன்னு தெரியாம போடுற உரம் வீண் செலவு. பை உங்க கையிலயே இருக்கு. நாளைக்குக் காலைல சீட்டுல இருக்கிற மாதிரி மண் எடுங்க, நிழல்ல காயவைங்க. பை மேல பேரும் சர்வே நம்பரும் எழுதுங்க. வியாழக்கிழமை பால் ஊத்த வரும்போது கொண்டாந்து குடுங்க. ஆய்வகத்துக்கு நான் எடுத்துட்டுப் போறேன். வியாழக்கிழமை காலைல, அரைக் கிலோ."

அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். ஸ்லைடை அணைக்காமல் ஐந்து விநாடி நில்லுங்கள். பிறகு வாசலில் மூன்று பேரிடம், "என்னிக்கு, எதை, எங்க கொண்டாரணும்?" என்று கேளுங்கள். "மண்ணைப் பத்தி நல்லா சொன்னீங்க" என்று பதில் வந்தால் வரி மனதில் பதியவில்லை. மூன்றில் எதைத் தவறவிட்டார்களோ, அடுத்த ஊரில் அந்தச் சொல்லை ஸ்லைடில் பெரிதாக்குங்கள்.