பாட்டு, ஃபைட்டு, லவ்வு, காமெடி: மசாலா ஃபார்முலா வந்த வழி

கேள்வி: மசாலா படத்துல பாட்டு, ஃபைட்டு, லவ்வு, காமெடி எல்லாம் ஒண்ணா வர்ற பழக்கம் எப்படி ஆரம்பிச்சது?

நாடக மேடையிலதாங்க. பம்பாய் பக்கம் பார்சிக்காரங்க நடத்தின பார்சி தியேட்டர், நம்ம கம்பெனி நாடகம் ரெண்டுலயும் கதைக்கு நடுவுல பாட்டும் காமெடியும் கலந்துதான் வரும், பேசும்படம் வந்ததும் அந்த ஆளுங்களே சினிமாவுக்கு வந்துட்டாங்க. ஆனா எல்லாத்தையும் எப்படி ஒண்ணா கோக்கறதுன்னு புரியணும்னா 1948ல ஜெமினி வாசன் எடுத்த சந்திரலேகாவ அவசியம் பாருங்க. என்.எஸ்.கே - மதுரம் காமெடி, சர்க்கஸ் எல்லாம் இருக்கு, அதுல அந்த முரசு டான்ஸ்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வில்லன் கட்டாயக் கல்யாணத்துக்கு நிக்கறான், ஹீரோயின் சந்திரலேகா முரசு நடனம் வேணும்னு கேக்கறா, ஆட்டம் முடிஞ்சதும் முரசுக்குள்ள ஒளிஞ்சிருந்த வீரர்கள் வெளிய வந்து சண்டை போடறாங்க. லவ்வுக்காக பாட்டு, அந்தப் பாட்டே ஃபைட்டுக்கு வழி! இந்தியிலயும் படம் பெரிய ஹிட்டு. அப்புறம் 1973ல சலீம்-ஜாவேத் எழுதின யாதோன் கி பாராத்ங்கற இந்திப் படத்துல பிரிஞ்ச அண்ணன் தம்பிங்கள சேர்த்து வைக்கறதே ஒரு குடும்பப் பாட்டுதான்.