சந்நியாசம் என்றால் வீட்டைவிட்டுப் போவது மட்டும்தானா?

கேள்வி: நான்கு ஆசிரமங்கள் என்கிறார்களே, கடைசியில் வரும் துறவில் எதைத் துறக்கிறார்கள்?

முதலில் துறப்பது நெருப்பை. பிரம்மசாரி குருவின் வேள்வித்தீக்கு விறகு கொண்டுவருவான். கிருகஸ்தன் தன் வீட்டுத் தீயை வளர்ப்பான். தலை நரைத்து, பேரனையும் பார்த்தபின் வானப்பிரஸ்தன் அந்தத் தீயோடு காட்டுக்குப் போவான். சந்நியாசியோ அதைத் தனக்குள் ஏற்றிக்கொண்டதாகப் பாவித்து, வெளித்தீயை விட்டுவிடுகிறார்.

வீட்டுத்தீ என்றால் வேள்வி, சமையல், குடும்ப உரிமை எல்லாம்தான். பதவி விலகியவர் முத்திரையை ஒப்படைப்பது போல. அதன்பின் அவர் கையெழுத்து செல்லாது. பழைய இந்துச் சட்டமும் சந்நியாசியை இறந்தவராகவே கருதி, சொத்தை வாரிசுகளுக்குக் கொடுத்தது. தீயை விட்டவர் என்பதால் உடலையும் எரிப்பதில்லை, சமாதி வைப்பார்கள்.

சமைக்க முடியாதவருக்குப் பிச்சைதான் வழி. அதற்கும் மனுஸ்மிருதி நேரம் குறிக்கிறது: அடுப்புப் புகை அடங்கி, உலக்கைச் சத்தம் நின்று, வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகு, நாளுக்கு ஒரே முறை. யார் பங்கையும் பிடுங்கக்கூடாது என்பதே காரணம். மழைக்காலம் தவிர ஓரிடத்தில் தங்கவும் கூடாது. தங்கினால் பற்று மறுபடி முளைக்கும்.

நான்கு படிகளையும் எல்லோரும் ஏறியே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வைராக்கியம் வந்த அன்றே, பிரம்மசரியத்திலிருந்தேகூடக் கிளம்பலாம் என்கிறது ஜாபால உபநிடதம்.