நிருபர் சொல்லாவிட்டாலும் தாள் சொல்லிவிடும்

கேள்வி: எங்கள் ஆபீஸில் நடக்கும் ஒரு முறைகேடு பற்றிய ஆவணத்தை நிருபர் ஒருவரிடம் கொடுக்க நினைக்கிறேன். என் பெயரை வெளியே விடமாட்டேன் என்கிறார். நம்பலாமா? நாளை கோர்ட் கேட்டால் சொல்லிவிடுவாரா?

பெயரைச் சொல்ல மாட்டார் என்று பெரும்பாலும் நம்பலாம். மாவட்ட நிருபராகவும் அப்புறம் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கிலும் இருந்தவன் நான். தகவல் கொடுத்த சோர்ஸ் யார் என்று வாய்விட்டுச் சொன்ன நிருபரைப் பார்த்தது அபூர்வம். ஆனால் யாரும் எதுவும் சொல்லாமலே சோர்ஸ் மாட்டிக்கொள்வது நடக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கோர்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சோர்ஸைச் சொல்லாமல் இருக்க இந்தியாவில் நிருபருக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு, செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது பிரஸ் கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும்தான். கோர்ட்டுக்கும் போலீசுக்கும் அது பொருந்தாது. சாட்சியச் சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 1983இல் பரிந்துரைத்தது. சேர்க்கவில்லை. பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2023இல் புதிதாகக் கொண்டுவந்தபோதும் சேர்க்கவில்லை. ஆகவே நீதிபதி நேராகக் கேட்டால் நிருபருக்கு இருக்கும் வழி, மறுத்துவிட்டு அதன் விளைவை ஏற்றுக்கொள்வதுதான். பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் போனைப் பறிமுதல் செய்தால் அவருடைய மன உறுதி எதற்கும் உதவாது. உங்கள் நம்பரும் நீங்கள் அனுப்பிய போட்டோவும் அதற்குள்ளேயே இருக்கும்.

வாக்கு கொடுத்தது யார் என்பது அடுத்த விஷயம். 1982இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தேர்தல் நேரம். டான் கோஹன் என்ற பிரச்சார ஆலோசகர், எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவரின் பழைய கோர்ட் பதிவுகளை நிருபர்களிடம் கொடுத்தார். பெயர் போட மாட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். செய்தி டெஸ்க்குக்குப் போனதும் இரண்டு பத்திரிகைகளின் ஆசிரியர்களும், இந்தச் செய்தியில் வாசகருக்குத் தெரிய வேண்டியதே இதை யார் கொடுத்தார் என்பதுதான் என்று முடிவு செய்து, அவர் பெயரையே அச்சடித்தார்கள். செய்தி வந்த அன்றே அவருக்கு வேலை போனது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 1991இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. கொடுத்த வாக்கை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், பத்திரிகைச் சுதந்திரம் அதற்குத் தடையில்லை என்றார்கள். ஆசிரியர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதை ஆவணத்தை வாங்குவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். எனவே உங்கள் நிருபரிடம் கேளுங்கள்: இந்த வாக்கு உங்களுடையதா, உங்கள் ஆசிரியருடையதா? என் பெயர் இன்னும் யார் யாருக்குத் தெரியும்? இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி தாளுக்கு வருகிறேன். ரியாலிட்டி வின்னர் என்ற பெண்ணின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கு வேலை செய்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அப்போது வயது 25. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் வேலை. 2016 தேர்தலின்போது ரஷ்ய ராணுவ உளவுத்துறை, வாக்காளர் பதிவு தொடர்பான மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குள் நுழைய முயன்றதாகச் சொல்லும் ரகசிய அறிக்கையை 2017 மே 9 அன்று பிரிண்ட் எடுத்தார். மடித்து ஒளித்து வெளியே கொண்டுவந்து, ‘தி இன்டர்செப்ட்’ செய்தித் தளத்துக்குத் தபாலில் அனுப்பினார். தன் பெயரை எழுதவில்லை.

அனுப்பியது யார் என்று அந்த நிருபர்களுக்கே தெரியாது. ஆனால் ஆவணம் உண்மையா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும். நிருபர் ஒருவர் தனக்குத் தெரிந்த அரசு ஒப்பந்ததாரருக்கு அதன் படங்களை அனுப்பி, நிஜமா என்று கேட்டார். தபாலில் வந்தது, அகஸ்டா முத்திரை இருக்கிறது என்பதையும் சொன்னார். பிறகு என்எஸ்ஏவிடமே ஒரு நகலைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது எஃப்பிஐயின் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. நகலில் தாள் மடிந்த தடம் தெரிந்தது. அப்படியென்றால் இது திரையிலிருந்து எடுத்த படமோ கணினிக் கோப்போ இல்லை, யாரோ பிரிண்ட் எடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த ஒரு மடிப்பிலேயே தேட வேண்டிய கூட்டம் சுருங்கிவிட்டது. அறிக்கையைத் திறந்து படித்த எல்லோரையும் பார்க்க வேண்டியதில்லை, பிரிண்ட் எடுத்தவர்களைப் பார்த்தால் போதும். கணினிப் பதிவில் அப்படி ஆறு பேர். அந்த ஆறு பேரின் ஆபீஸ் கணினிகளைச் சோதித்தார்கள். வின்னரின் கணினியிலிருந்து மட்டும் அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் போயிருந்தது. அதுவும் ஆவணத்தைப் பற்றி இல்லை, ஒரு பாட்காஸ்டின் எழுத்து வடிவம் கேட்டு எப்போதோ எழுதியது. ஜூன் 3 அன்று அவர் வீட்டு வாசலில் எஃப்பிஐ நின்றது. செய்தி வெளிவந்ததே ஜூன் 5 அன்றுதான்.

பிரிண்டர் போடும் மஞ்சள் புள்ளிகளால்தான் அவர் பிடிபட்டார் என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பல கலர் லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தேதி, நேரம், பிரிண்டரின் வரிசை எண் ஆகியவற்றைப் பதித்துவிடும் என்பது உண்மை. இன்டர்செப்ட் வெளியிட்ட பிடிஎஃப்பிலும் அவை இருந்தன. வெளியாட்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, மே 9, மணி 6:20 என்று படித்தும் காட்டினார்கள். ஆனால் பிரமாணப் பத்திரத்தில் புள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மடிப்பும், பிரிண்ட் பதிவும், ஒரு பழைய மின்னஞ்சலுமே போதுமானதாக இருந்தன.

அவருக்கு ஐந்து வருஷம் மூன்று மாதம் தண்டனை. நடந்துகொண்ட விதம் தங்கள் தரத்துக்குக் குறைவானது என்று இன்டர்செப்டின் தலைமை ஆசிரியர் பிறகு ஒப்புக்கொண்டார். பழி முழுவதும் நிருபர்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். பிரிண்ட் பதிவும் ஆபீஸ் கணினி மின்னஞ்சலும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் எந்த அறிக்கை, என்ன வடிவில், எந்த ஊரிலிருந்து வந்தது என்ற மூன்றையும் செய்தி வருவதற்கு முன்பே அவர்கள்தான் கொடுத்தார்கள். நேரில் வாக்குக் கொடுக்கவில்லையே என்று தப்பிக்கவும் முடியாது. பெயர் எழுதாமல் வந்த கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் செய்தியாக்குவது என்று முடிவு செய்ததுமே அனுப்பியவரைக் காக்கும் பொறுப்பு நிருபருக்கு வந்துவிடுகிறது.

எங்கள் தொழிலின் இடைஞ்சலே இதுதான். ஆவணத்தைச் சரிபார்க்காமல் போட முடியாது. அதே ஆண்டு ஜூலையில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியின் ரேச்சல் மேடோ, தங்களுக்கு ஒரு போலி என்எஸ்ஏ ஆவணம் வந்ததாகவும், இன்டர்செப்ட் வெளியிட்டதை வைத்தே அதைத் தயாரித்திருப்பதுபோல் தெரிகிறது என்றும் நிகழ்ச்சியில் சொன்னார். அதை நம்பி ஒளிபரப்பியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். சரிபார்க்கப் போனாலோ ஒவ்வொரு கேள்வியும் சோர்ஸைப் பற்றி எதையாவது சொல்லிவிடும்.

அதனால் விவரம் தெரிந்த நிருபர் தாளைக் காட்ட மாட்டார், தாளில் உள்ள விஷயத்தைக் கேட்பார். “இந்த ஆர்டர் உங்களுடையதா?” என்று நகலை நீட்டாமல், “இந்த மாதத்தில் இந்த வேலைக்கு டெண்டர் இல்லாமல் பணம் போயிருக்கிறதா?” என்று கேட்பார். அசலை வெளியிடாமல் தேவையான வரிகளை மட்டும் தட்டச்சு செய்து போடுவார். பக்கத்தைப் படமாகப் போட்டே ஆக வேண்டும் என்று ஆசிரியர் நின்றால் சண்டை போடுவார். வாசகருக்குப் படம் பிடிக்கும், பத்திரிகைக்கும் அது கெத்துதான். கொடுத்தவருக்குத்தான் ஆபத்து.

உங்கள் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த ஆவணம் எத்தனை பேர் கைக்கு வந்தது? மூன்று பேர் என்றால் எந்த நிருபரின் வாக்கும் உங்களைக் காப்பாற்றாது. அரசு அலுவலகம் என்றால் செயல்முறை ஆணையின் அடியில் நகல் யார் யாருக்கு என்ற பட்டியல் இருக்கும், ஒவ்வொரு நகலிலும் அதைப் பெறுபவரின் பெயருக்கு நேராகப் பேனாவால் டிக் அடித்திருப்பார்கள். அந்த டிக்கோடு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் உங்கள் சீட்டைச் சுட்டிக்காட்டியதாகிவிடும். ஓரத்தில் எழுதிய குறிப்பும், தபால் பிரிவின் சீலும், பஞ்ச் ஓட்டையும் இதே வேலையைச் செய்யும். கணினியில் ஓடும் கோப்பென்றால் யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகியிருக்கும். உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத கோப்பைப் புதிதாகத் திறக்காதீர்கள்.

அரசு ஆவணமாக இருந்தால், ஆணையின் எண்ணையும் தேதியையும் நேரில் வாயால் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுக்காமல் இருப்பதும் ஒரு வழி. நிருபர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே ஆணையைக் கேட்டு வாங்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும், இழுத்தடித்தால் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும், ஆக செய்தி தாமதமாகும். எண்ணைத் துல்லியமாகக் குறிப்பிட்டு ஒரே ஒரு ஆணையை மட்டும் கேட்டால், உள்ளே யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். அந்தப் பிரிவில் அந்த ஒரு வருஷத்து ஆணைகள் எல்லாவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் நகல் கட்டணம் ஆகும், அதைப் பத்திரிகை கட்டிக்கொள்ளட்டும். தாள் ஆபீஸ் வாசல் வழியாகவே வெளியே வந்திருக்கும்.