வாய் பிளந்து வெயில் காயும் முதலை: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ரங்கனதிட்டுக்குப் படகில் சென்று வந்த வாசகர்கள் பலர், காவிரிப் பாறைகளின்மேல் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே காணப்படுபவை சதுப்புநில முதலைகள்.

வெயில் தாங்காமல்தான் வாயைத் திறக்கிறது என்றால், அருகிலேயே இருக்கும் தண்ணீருக்குள் ஏன் இறங்கவில்லை? (அல்சூர்)

அதற்கு இன்னும் வெயில் தேவைப்படுகிறது என்பதே காரணம். முதலை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத விலங்கு. செரிமானமும் தசைகளும் நன்றாக வேலை செய்ய, உடல் ஏறத்தாழ 30 முதல் 33 டிகிரி வரை சூடாக வேண்டும். தடித்த நடுவுடல் மெதுவாகத்தான் சூடேறும். தலையோ சிறியது, ஆகையால் உடல் போதிய சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே தலை, அதனுள் இருக்கும் மூளையோடு சேர்ந்து, அளவுக்கு மீறிச் சூடாகிவிடக்கூடும். தண்ணீரில் இறங்கினால் தலை குளிரும், ஆனால் அதுவரை சேர்த்த உடற்சூடும் போய்விடும். வாயைத் திறந்து வைத்தால் தலை மட்டும் குளிர்கிறது, உடல் தொடர்ந்து சூடேறுகிறது. அமெரிக்க ஆலிகேட்டர்களைக் கொண்டு நடத்தி, 1977இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வும், வாய் திறந்திருக்கும்போது தலை சூடேறும் வேகம் குறைகிறது என்றே காட்டியது.

வாயைத் திறப்பதால் மட்டும் அவ்வளவு குளிர்ச்சி கிடைத்துவிடுமா? (சிவாஜி நகர்)

கிடைக்கும். முதலையின் கெட்டியான தோலில் வியர்வை வெளியேற வழியில்லை. ஈரமும் இரத்த ஓட்டமும் மிகுந்து வெளிக்காற்றில் படக்கூடிய பரப்பு வாயின் உட்புறமே. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதைப் போலவே இங்கும் நடக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தசையின் சூட்டை ஒரு டிகிரி மாற்றுவதற்குச் சுமார் 3,500 ஜூல் போதும். தலையின் எடை ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால், வாயிலிருந்து ஐந்து கிராம் நீர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, ஆவியானால் தலையின் சூடு ஏறக்குறைய 0.7 டிகிரி இறங்கும். வெயில் மேலும் சூட்டை ஏற்றிக்கொண்டே இருப்பதால், உண்மையில் சூடு இறங்குவதைவிட, ஏறாமல் தடுக்கப்படுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நாய் இரைத்து இரைத்துக் காற்றை இழுத்து விடுகிறது. முதலை அப்படிச் செய்வதில்லை, வாயைத் திறந்து வைத்துவிட்டு வீசும் காற்றை நம்பியிருக்கிறது. மார்ச் மாதத்து வறண்ட காற்றில் இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். காற்று ஈரத்தால் கனத்திருக்கும் நாளில் அவ்வளவாகப் பலிக்காது. அப்போது நிழலும் தண்ணீருமே கைகொடுக்கும்.

மேகமூட்டமான காலையிலும் ஒரு முதலை வாயைத் திறந்தபடியே கிடந்ததே? (மாரத்தஹள்ளி)

நுட்பமான கவனிப்பு. இரவிலும் மழையிலும்கூட முதலைகள் வாய் பிளந்து கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே எல்லா நேரத்துக்கும் வெப்பமே காரணம் என்று சொல்ல இயலாது. வாயின் உட்புறத்தை உலர்த்திப் பாசியையும் ஒட்டுண்ணிகளையும் குறைப்பதற்காக இருக்கலாம், அருகிலிருக்கும் மற்ற முதலைகளுக்குத் தன்னை அறிவிப்பதற்காக இருக்கலாம் என்ற கருத்துகள் உள்ளன. இவை இன்னும் உறுதிப்படாதவை. வெப்ப விளக்கத்துக்கு இருக்கும் சோதனைச் சான்று இவற்றுக்கு இல்லை.

பறவைகள் வந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதற்காகவா? (இந்திரா நகர்)

இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் நைல் முதலையைப் பற்றி எழுதியதிலிருந்து பரவிய கதை இது. நம்பத்தக்க புகைப்படச் சான்று ஏதும் இன்றுவரை இல்லை.

வாய் பிளந்திருக்கும் முதலை நம்மை மிரட்டுகிறதா? எப்படி அறிவது? (ஜெயநகர்)

வாயை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். வெயில் காயும் முதலையின் வயிறு பாறையோடு ஒட்டியிருக்கும், கால்கள் தளர்ந்து கிடக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும். படகு கடந்து சென்றாலும் தலை திரும்பாது. மிரட்டும் முதலையோ தலையை நம் பக்கம் திருப்பி, உடலை உப்பவைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, உரக்கச் சீறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான முட்டையிடும் பருவத்தில் கூட்டுக்கு அருகே இருக்கும் தாய் முதலையிடம் இதை எதிர்பார்க்கலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய அடையாளம் வேறொன்று. அதுவரை திறந்திருந்த வாய் மெல்ல மூடிக்கொண்டு, கால்கள் உடலுக்கு அடியில் வந்தால், படகு மிக நெருங்கிவிட்டது என்று பொருள். அடுத்த நொடியே அது தண்ணீருக்குள் சரியும். காலையில் அப்படி விரட்டப்பட்ட முதலை, பாதி சேர்த்த சூட்டையும் இழந்து மறுபடியும் தொடக்கத்திலிருந்து வெயில் காய வேண்டியிருக்கும். படம் எடுப்பதற்காகப் படகோட்டியை இன்னும் நெருங்கச் சொல்லாதீர்கள்.