எம் கேட்டால் எல் போகிறதா?

“ஆன்லைனில் குர்தி விற்கிறேன். அடிக்கடி சைஸ் மாறிப் போகிறது. பார்கோடு உதவுமா?”

உதவும். பார்கோடு என்பது ஓர் எண்ணைக் கோடுகளாக அச்சிட்டது, அவ்வளவுதான். ஒரே நிறக் குர்தியில் எம், எல் இரண்டும் அவசரத்தில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். எண்கள் பூட்டும் சாவியும் மாதிரி: பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் சைஸுக்கும் தனி எண் வேண்டும்.

சாதாரண ஸ்கேனர் கீபோர்டு போலத்தான், எண்ணைத் தானே தட்டிவிடும். எக்செல்லில் ஆர்டரிலுள்ள எண் A2, ஸ்கேன் செய்தது B2 என்றால், C2-ல் இதைப் போடுங்கள்:

```
=IF(A2=B2,"சரி","நிறுத்து")
```

துப்பட்டா வைத்தோமா, முகவரி இந்தப் பார்சலுடையதா என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. அதற்குத்தான் பேக்கிங் சீட்டு. டேப் ஒட்டும் முன்பே டிக் செய்யுங்கள். அப்புறம், குர்தியில் பார்கோடு லேபிளே மாறி ஒட்டப்பட்டிருந்தால் ஸ்கேனும் “சரி” என்றே சொல்லும். ஒட்டும்போது கழுத்துப் பட்டையிலுள்ள சைஸைப் பாருங்கள்.

பார்கோடு எண்ணைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தச் சரிபார்ப்புக்கு நீங்களே வைத்த எண் போதும்.